பத்து மூட்டை ரேட்டு நமக்குக் கட்டுமா? ஒரு மளிகைக் கடைக் கணக்கு

கொருக்குப்பேட்டையில் நானும் வீட்டுக்காரரும் சின்னதாக ஒரு மளிகைக் கடை நடத்துகிறோம். எங்கள் கடையில் அதிகமாக ஓடுவது துவரம் பருப்புதான். வாரத்துக்கு 50 கிலோ மூட்டை ஒன்று தீர்ந்துவிடும். சரக்கு எடுப்பது கோவிந்தப்ப நாயக்கன் தெருப் பக்கம் உள்ள ஒரு மொத்தக் கடையில். போன வருடம் அங்கே கணக்குப் பார்க்கிறவர், "அக்கா, எப்பவும் ரெண்டு மூணுன்னே எடுக்கிறீங்க, பத்தா எடுத்தா கிலோவுக்கு ரெண்டு ரூபா கழிச்சுத் தரேன், இருபதா எடுத்தா மூணு ரூபா" என்றார். பத்தோ அதற்கு மேலோ எடுத்தால் ரொக்கம்தான், வழக்கமாகக் கொடுக்கும் ஒரு வாரக் கடன் கிடையாது என்பதையும் கூடவே சொன்னார்.

இருபதே எடுத்துவிடலாம் என்றார் வீட்டுக்காரர். வருடத்துக்கு 2,600 கிலோ விற்கிறோம், கிலோவுக்கு மூன்று ரூபாய் என்றால் 7,800 ரூபாய் மிச்சமாகிறதே, அதை ஏன் விடணும் என்பது அவர் கேள்வி. கேட்க நன்றாகத்தான் இருந்தது. ஆனால் இருபது மூட்டை என்றால் ஒரு லட்சத்துக்கு மேல் பணம், அது கடையில் பருப்பாக மாசக்கணக்கில் நிற்கும், அந்தப் பணத்துக்கும் ஒரு விலை உண்டே என்று எனக்குப் பட்டது. அதனால் உட்கார்ந்து எழுதிப் பார்த்தோம். பி.காம் படிக்கும் என் தங்கை மகள் கூட இருந்தாள்.

கணக்கு சுலபமாக இருக்கட்டும் என்று அன்றைய ரேட்டை கிலோ 120 ரூபாய் என்று முழுசாக வைத்துக்கொண்டோம். லோடு ஆட்டோவில் பருப்பு மட்டும் வருவதில்லை, உளுந்து, சர்க்கரை, எண்ணெய் எல்லாம் சேர்ந்துதான் வரும். ஆகவே வாடகையிலும் ஏற்று இறக்குக் கூலியிலும் பருப்பின் பங்கு ஒரு தடவைக்கு 150 ரூபாய் என்று போட்டோம். இங்கே பலர் முழு ஆட்டோ வாடகையையும் ஒரே சரக்கின் தலையில் ஏற்றிவிடுகிறார்கள். அப்படிச் செய்தால் நிறைய எடுப்பதுதான் லாபம் என்று கணக்கு தானாகவே சாய்ந்துவிடும்.

அடுத்தது பணத்தின் விலை. எங்களுக்கு அவசரத்துக்குப் பணம் கிடைப்பது நகையை வைத்துத்தான், நூற்றுக்கு ரெண்டு வட்டி, அதாவது வருடத்துக்கு 24 சதவீதம். கையில் இருக்கும் பணம்தானே, அதற்கு ஏது வட்டி என்று கேட்கலாம். அந்தப் பணம் பருப்பில் போய் முடங்கினால் அடுத்த வாரம் எண்ணெய்க்காரருக்குக் கொடுக்க வளையலைத்தான் எடுத்துக்கொண்டு போகணும், அதனால் அதே வட்டியைப் போடுவதுதான் சரி. இந்தக் கணக்குப்படி ஒரு கிலோ பருப்பு ஒரு வருடம் கடையில் நின்றால் 28 ரூபாய் 80 காசு செலவு.

தங்கை மகள் பாடத்தில் படித்த ஒரு சூத்திரத்தைப் போட்டாள். 1913-ல் ஃபோர்டு ஹாரிஸ் என்கிற அமெரிக்கர் எழுதியதாம், ஒரு தடவைக்கு எவ்வளவு வாங்கினால் செலவு குறைவு என்று சொல்வது. வருட விற்பனையையும் ஒரு தடவை வாங்கும் செலவையும் பெருக்கி, அதை இரட்டிப்பாக்கி, ஒரு கிலோ ஒரு வருடம் நிற்கும் செலவால் வகுத்து, வர்க்கமூலம் எடுக்கணும்.

```
√(2 × 2600 × 150 ÷ 28.80) = 165
```

165 கிலோ, அதாவது மூன்று மூட்டை சொச்சம். நாங்கள் பழக்கத்தில் எடுத்துக்கொண்டிருந்ததும் கிட்டத்தட்ட அதுதான்.

ஆனால் இந்தச் சூத்திரத்துக்கு ஸ்லாப் ரேட்டு தெரியாது. விலையை 118 என்று மாற்றிப் போட்டாலும் 166 கிலோ என்றுதான் விடை வருகிறது, 166 கிலோ கேட்டால் மொத்தக் கடையில் 118-க்குத் தர மாட்டார்கள். அதனால் சூத்திரம் சொல்லும் அளவை ஒரு பக்கம் வைத்து, குறைந்த ரேட்டு எந்த அளவில் ஆரம்பிக்கிறதோ அந்த அளவை இன்னொரு பக்கம் வைத்து, ஒவ்வொன்றுக்கும் வருடத்தின் மொத்தச் செலவைப் போட்டு ஒப்பிட்டால் போதும். பன்னிரண்டு, பதினைந்து என்று நடுவில் இருப்பதையெல்லாம் பார்க்க வேண்டாம், ரேட்டு அதேதான், சரக்கு மட்டும் கூடுதலாக நிற்கும்.

மூன்று மூட்டையாக எடுத்தால் பருப்புக்கு 3,12,000, ஆட்டோவும் கூலியும் 2,600, சராசரியாக 75 கிலோ கடையில் நிற்பதால் அதற்கு வட்டி 2,160. ஆக மொத்தம் 3,16,760. சராசரி என்றால் வந்த அன்று 150 கிலோ, தீரும் அன்று பூஜ்யம், அதில் பாதி. பத்து மூட்டையாக எடுத்தால் பருப்பு 3,06,800-க்கு இறங்குகிறது, ஆட்டோ செலவும் 780 ஆகிறது, ஆனால் வட்டி 7,080-க்கு ஏறி மொத்தம் 3,14,660. இருபது மூட்டையில் பருப்பு 3,04,200, ஆட்டோ 390, வட்டி மட்டும் 14,040. கூட்டினால் 3,18,630.

அதாவது இருக்கிறதிலேயே குறைந்த ரேட்டில் வாங்கினால், இப்போது வாங்குவதைவிட வருடத்துக்கு 1,870 ரூபாய் நஷ்டம். வீட்டுக்காரர் நம்பவில்லை, கால்குலேட்டரை வாங்கி அவரும் ஒரு தடவை போட்டுப் பார்த்தார். பத்து மூட்டையில் 2,100 ரூபாய் லாபம். சரி, அப்போ பத்தே எடுக்கலாம் என்றுதான் அன்று எல்லோருக்கும் தோன்றியது.

அப்புறம்தான் அந்த ஒரு வாரக் கடன் ஞாபகம் வந்தது. மூன்று மூட்டை எடுக்கும்போது பணத்தை அடுத்த வாரம் கொடுத்தால் போதும், அதற்குள் ஒரு மூட்டை விற்றுவிடும். வருடம் முழுக்க வாங்கும் 3,12,000-க்கும் ஒவ்வொரு தடவையும் ஒரு வாரம் வட்டியில்லாமல் கிடைக்கிறது என்றால் அதன் மதிப்பு 1,440 ரூபாய். ரொக்கத்துக்கு மாறினால் அது போய்விடும். 2,100-ல் அதைக் கழித்தால் மிஞ்சுவது 660 ரூபாய், பருப்பு விலையில் ஆறு கிலோகூட இல்லை. பில்லில் கழிவு மட்டும்தான் எழுதியிருக்கும், போன கடன் எழுதியிருக்காது, அதனால் இதை நாம்தான் கேட்டு எழுதிக்கொள்ளணும்.

அந்த ஆறு கிலோ வீணாகாது என்று எங்கள் பக்கத்தில் யாரும் உறுதி சொல்ல முடியாது. மழைக்காலத்தில் தரை ஓதம் விடும், சுவரோடு ஒட்டி அடுக்கிய மூட்டையின் பின்பக்கம் ஈரம் ஏறும். பலகை போட்டு, சுவரை விட்டு ஒரு சாண் தள்ளித்தான் அடுக்குகிறோம், அப்படியும் அடி மூட்டையை நம்ப முடியாது. மூட்டையின் வாயைப் பிரித்து முழங்கை வரை கையை உள்ளே விட்டுப் பார்ப்பேன். நல்ல பருப்பு உள்ளே குளுமையாக இருக்கும், கையில் லேசாகத் தூசு மட்டும்தான் ஒட்டும். உள்ளே வெதுவெதுப்பாக இருந்து, கையில் மாவு மாதிரி அப்பிக்கொண்டு வந்தால் பூச்சி விழுந்துவிட்டது என்று அர்த்தம், மேலே ஒன்றும் தெரியாது. அப்புறம் சலித்து, வெயிலில் போட்டு, விலையைக் குறைத்து விற்கணும். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வந்தபோது வடசென்னையில் எத்தனை தெருவில் தண்ணீர் நின்றது என்பது இங்கே எல்லோருக்கும் தெரியும். அந்த மாதிரி நாளில் கீழ் வரிசையில் இருப்பது மூன்று மூட்டையா பத்து மூட்டையா என்பது ரொம்பப் பெரிய வித்தியாசம்.

விலை இறங்குவது இன்னொரு பயம். குல்பர்கா, லாத்தூர் பக்கம் புதுத் துவரை டிசம்பர், ஜனவரியில் வர ஆரம்பிக்கும், வரத்து கூடினால் பொதுவாக ரேட்டு இளகும். பத்து மூட்டை இறக்கிய மறு வாரமே கிலோவுக்கு ஐந்து ரூபாய் இறங்கினால், மிச்சம் உள்ள 450 கிலோவையும் எதிர்க்கடை விலைக்குத்தான் நாமும் விற்கணும். 2,250 ரூபாய் ஒரே வாரத்தில் போய்விடும். ஏறினால் லாபம்தானே என்பார்கள். அது உண்மைதான், ஆனால் அந்தச் சூதாட்டத்துக்கு முதல் வேண்டும், எங்களிடம் அவ்வளவு முதல் இல்லை.

தண்டல் பணத்தில் மொத்தமாகச் சரக்கு எடுக்கிறவர்களுக்காக இதைத் தனியாகச் சொல்கிறேன். 10,000 என்று எழுதிக்கொண்டு 9,000 கையில் கொடுத்து, தினம் நூறு ரூபாய் வீதம் நூறு நாள் வாங்குவார்கள். ஆயிரம் ரூபாய்தானே என்று தோன்றும். ஆனால் தினமும் கட்டிக்கொண்டே வருவதால் நூறு நாளும் சராசரியாக நம் கையில் இருப்பது அதில் பாதிப் பணம்தான். வருடக் கணக்குக்கு மாற்றினால் வட்டி 70 சதவீதத்தைத் தாண்டும். அந்த வட்டியில் பத்து மூட்டை நின்றால் வருடத்துக்கு 20,000 ரூபாய்க்கு மேல் செலவு, கழிவாகக் கிடைப்பதோ 5,200. தயவுசெய்து அந்தப் பணத்தில் ஸ்லாப் ரேட்டு பிடிக்காதீர்கள்.

நாங்கள் கடைசியில் என்ன செய்தோம் என்றால், முதலில் பத்து மூட்டைக்கு ரேட்டைப் பேசி மூன்று மூன்றாக எடுத்துக்கொள்ளலாமா என்று மொத்தக் கடையில் கேட்டோம். பருப்பில் அது முடியாது, நாளைக்கு ரேட்டு ஏறினால் நான் எங்கே போவது என்றார் கணக்குப் பார்க்கிறவர், அவர் சொல்வதும் நியாயம்தான். பிறகு தண்டையார்பேட்டையில் கடை வைத்திருக்கும் ஒரு அண்ணனிடமும், எங்கள் தெருமுனையில் இருக்கும் அக்காவிடமும் பேசினேன். மூன்று பேரும் சேர்ந்து பத்து மூட்டை, எங்களுக்கு நான்கு, அவர்களுக்கு மூன்று மூன்று. பில் ஒரே பெயரில்தான், ஆட்டோ மூன்று கடைக்கும் இறக்கிவிட்டுப் போகும். ரேட்டு 118, கடையில் நிற்பது சராசரி இரண்டே மூட்டை. கடன் போனதையும் கழித்துப் பார்த்தால் வருடத்துக்கு 3,700 ரூபாய்க்கு மேல் மிச்சம், தனியாகப் பத்து எடுத்தால் கிடைக்கும் 660 எங்கே, இது எங்கே.

இதிலும் தொல்லை இல்லாமல் இல்லை. தெருமுனை அக்காவுக்குப் பருப்பு கொஞ்சம் மெதுவாகத்தான் போகும், நாங்கள் தீர்ந்து நிற்கும்போது அவரிடம் ஒரு மூட்டை பாக்கி இருக்கும். அதை அதே அடக்க விலைக்கு நாங்கள் எடுத்துக்கொள்வது என்று முதலிலேயே பேசிக்கொண்டோம். பணம் மூன்று பேரிடமிருந்தும் முதல் நாள் இரவே வந்துவிடணும், வராதவரின் பங்கை ஆர்டரில் சேர்ப்பதில்லை. ஆட்டோ வந்ததும் யார் மூட்டை எது என்று பிரிப்பதற்கு முன்னாலேயே எல்லாவற்றையும் எடை போட்டு, குறைவு இருந்தால் மூன்று பேருமாகப் பகிர்ந்துகொள்கிறோம். நவம்பர், டிசம்பரில் மட்டும் இந்தக் கூட்டு கிடையாது. மழையும் இருக்கும், புதுப் பருப்பு வருமா, ரேட்டு இறங்குமா என்ற பேச்சும் இருக்கும், அந்த இரண்டு மாதமும் பழையபடி இரண்டு மூட்டை, ஒரு வாரக் கடன்.