திங்கட்கிழமைப் பேச்சை எழுத்தில் இறக்கிய கதை

பாளையங்கோட்டையில் இயங்கும் சின்ன மென்பொருள் குழு எங்களுடையது. திங்கள்தோறும் காலையில் ஸ்டாண்டப். தென்காசி, அம்பாசமுத்திரம் பக்கமிருந்து ரயிலில் வருகிறவர்கள் வந்து சேர்ந்ததும், நின்றபடியே கால் மணி நேரம் பேசிவிட்டு அவரவர் இடத்துக்குப் போய்விடுவோம். பேசும்போது எல்லாம் தெளிவாகத்தான் இருக்கும். புதன்கிழமை "அதை யாரு பாக்கதா சொன்னது?" என்று கேட்டால் ஆளுக்கொரு பதில் வரும்.

சரி, எழுதி வைப்போம் என்று முடிவானது. வருவதற்கு முன்பே ஒவ்வொருவரும் எழுதிவிட வேண்டும் என்று வைத்துப் பார்த்தோம். வந்ததெல்லாம் டிக்கெட் எண்கள். அவை ஏற்கெனவே டிக்கெட் பலகையில் இருப்பவைதானே, யார் படிப்பார்கள்? அப்புறம் பேசுவதை அப்படியே தட்டச்சு செய்து பார்த்தோம். பக்கம் பக்கமாக நீண்டது. எழுதியவர் தவிர யாரும் அதைத் திறக்கவே இல்லை.

கடைசியில் யார் என்ன வேலை செய்தார்கள் என்பதையே விட்டுவிட்டோம். அதற்கு டிக்கெட்டும் கமிட்டும் இருக்கின்றன. வேறெங்கும் பதிவாகாமல் காற்றோடு போவது இரண்டுதான்: எடுத்த முடிவும் அதன் காரணமும், யார் யாருக்காகக் காத்திருக்கிறார் என்பது.

ஒரு திங்களன்று பணம் செலுத்தும் பகுதியைப் பார்க்கும் தம்பி சொன்னது இது: "வெப்ஹூக் ரெண்டு தடவ வருது அண்ணே. இண்டெக்ஸ் போட்டா சரியாயிரும். பழைய டேட்டா கொஞ்சம் கெடக்கு, பாக்கேன்." கேட்க நன்றாகத்தான் இருந்தது. ஆனால் எழுத உட்கார்ந்தவர் "பாக்கேன்னா என்னத்தப் பாக்க?" என்று கேட்டபோதுதான் விஷயம் வெளியே வந்தது. நம் சர்வர் நேரத்துக்குப் பதில் தராவிட்டால் பேமெண்ட் கேட்வே அதே செய்தியைத் திரும்ப அனுப்பும். அதனால் ஒரே வரவு இரண்டு வரியாகப் பதிவாகியிருக்கிறது. யூனிக் இண்டெக்ஸ் போட்டால் இனி அப்படி நடக்காது. ஆனால் அட்டவணையில் இரட்டை வரிகள் இருக்கும்வரை டேட்டாபேஸ் அந்த இண்டெக்ஸை உருவாக்கவே விடாது. எந்த வரியை வைப்பது, எதை நீக்குவது என்று கணக்குப் பிரிவு அக்கா சொல்ல வேண்டும். அவர்களிடம் இன்னும் யாரும் கேட்கவே இல்லை!

பதிவில் ஏறியது இவ்வளவுதான்:

```
முடிவு: event_id மீது யூனிக் இண்டெக்ஸ்.
  காரணம்: order_id போதாது; ஒரே ஆர்டருக்கு
  வரவும் ரீஃபண்டும் தனித்தனியாக வரும்.
நிலுவை: இரட்டை வரிகளில் எதை நீக்குவது?
  கேட்பவர்: தம்பி. சொல்பவர்: கணக்கு அக்கா.
  வியாழனுக்குள்.
```

காரணம் என்ற வரியை எழுதச் சிலருக்குச் சோம்பல். எனக்கு அதுதான் முக்கியம். சில மாதம் கழித்துப் புதிதாகச் சேர்ந்த பெண் ஒருவர், இண்டெக்ஸை `order_id` மீது மாற்றினால் எளிதாக இருக்குமே என்றார். நியாயமான யோசனைதான். அன்று பேசியது எங்களில் பாதிப் பேருக்கு மறந்தேபோயிருந்தது. ரெப்போவுக்குள் `log` என்ற அடைவில் வாரத்துக்கு ஒரு கோப்பு வைத்திருக்கிறோம், அதில் தேடினோம்:

```
git grep -n event_id -- log/
```

கோடில் உள்ள பெயரை அதே எழுத்தில் பதிவிலும் எழுதுவது இதற்காகத்தான். "வெப்ஹூக் பிரச்சினை" என்று மட்டும் எழுதியிருந்தால் இந்தத் தேடலில் சிக்கியிருக்காது.

எழுதும் பொறுப்பு வாரம் ஒருவருக்கு. பேசும்போதே பெரிய திரையில் தட்டச்சு செய்வார். சொன்னவர் அதைப் பார்த்து "ஆமா" என்ற பிறகே அடுத்த ஆள். கூட்டத்தின் தொடக்கத்தில் போன வாரத்து நிலுவைகளைத்தான் முதலில் வாசிக்கிறோம். முடிந்தது நீங்கும், முடியாதது புதிய கோப்புக்கு நகரும். அதே வரி அதே சொற்களோடு மறுபடியும் நகர்ந்தால் அந்த வேலை நின்றுவிட்டது என்று பொருள். அப்போது தேதியை மட்டும் தள்ளிப்போட விடுவதில்லை. முதலில் முடிக்கக்கூடிய சிறு துண்டாக அதை உடைக்கச் சொல்வோம், இல்லையென்றால் கைவிட்டதாக முடிவுப் பகுதியில் எழுதிவிடுவோம்.

எழுதாதவையும் உண்டு. யாருக்கு உடம்பு சரியில்லை, எந்த வாடிக்கையாளர் திட்டினார் என்பதெல்லாம் வாய்ப்பேச்சோடு நின்றுவிடும். ரெப்போவில் ஏறிய எதையும் பிறகு வரலாற்றிலிருந்து துடைப்பது பெரும்பாடு. சம்பள உயர்வுக்கு இந்தப் பதிவைப் பார்க்கலாமே என்று எங்கள் மேலாளர் அண்ணாச்சி ஒருமுறை கேட்டார். "அப்படிப் பாத்தியன்னா அடுத்த வாரத்துலருந்து நிலுவைன்னு ஒரு வரிகூட வராது" என்றேன். சிரித்துவிட்டு டிக்கெட் பலகைக்கே போய்விட்டார்.