கொலைகாரன் பிடிபட்டான், காதல் என்ன ஆச்சு?

"கொலைகாரனைக் கண்டுபிடிச்சாச்சு. ஆனா இவங்க ரெண்டு பேருக்கும் எப்போ காதல் வந்துச்சுன்னே தெரியலையே!"

இன்று வாடகை நூலகத்தில் ஓர் அக்கா நாவலைத் திருப்பிக் கொடுத்தபடி சொன்னது.

நியாயமான புகார். காதல் சஸ்பென்ஸ் என்றால் இரண்டு முடிச்சுகளும் ஒன்றையொன்று இழுக்க வேண்டும். தன்னைக் காக்க வந்த போலீஸ்காரனிடம் சாட்சியான அவள் எதையோ மறைக்கிறாள் என்று வையுங்கள். அந்தப் பொய்யால் விசாரணையும் திசை மாற வேண்டும், அவன் நம்பிக்கையும் உடைய வேண்டும். காதலை உருவிவிட்டாலும் வழக்கு அப்படியே நின்றால் அது வெறும் துப்பறியும் கதை.

சரித்திரக் காதலில் வில்லன் அந்தக் காலமேதான். ஆங்கிலத்தில் ரீஜென்சி கதைகள் என்று ஒரு பெரிய வகை உண்டு. பெரும்பாலும் 1811 முதல் 1820 வரையிலான இங்கிலாந்து.

1753-ல் வந்த திருமணச் சட்டப்படி, 21 வயது ஆகாதவர்கள் லைசென்ஸ் வாங்கி மணக்க அப்பாவோ காப்பாளரோ சம்மதிக்க வேண்டியிருந்தது. ஸ்காட்லாந்தில் அந்தச் சட்டம் செல்லவில்லை. அதனால்தான் இந்தக் கதைகளில் காதலர்கள் ராத்திரியோடு ராத்திரியாக வண்டியேறி, எல்லை தாண்டியதும் வரும் கிரெட்னா கிரீன் கிராமத்துக்கு ஓடுகிறார்கள். சாட்சிகள் முன் இருவரும் சம்மதம் சொன்னால் அங்கே கல்யாணம் முடிந்தது.

இந்த நெருக்கடி இல்லாமல் கவுனும் மெழுகுவர்த்தியும் மட்டும் இருந்தால், எனக்கு அது மாறுவேடப் போட்டி.

அமானுஷ்யக் காதலில் எது வேண்டுமானாலும் நடக்கலாம் என்று நினைப்போம். அங்கேதான் வாசகர்கள் இன்னும் கறார். ரத்தக்காட்டேரிக்கு வெயில் ஆகாது என்று மூன்றாம் அத்தியாயத்தில் சொல்லிவிட்டு, காரணமே காட்டாமல் கடைசியில் கடற்கரையில் பகல் கல்யாணம் வைத்தால் யார் விடுவார்கள்?