புண்ணாக்குக்கு நான் வைத்த விலையும் மதுரைக்கு மூன்று பயணமும்

விருதுநகர்ப் பக்கம் ஒரு நல்லெண்ணெய் ஆலையில் கணக்கு பார்க்கிறேன். மார்ச் 31 இருப்பு மதிப்பு போடுவதற்காக மதுரையில் உள்ள ஆடிட்டர் அலுவலகத்துக்கு மூன்று முறை அலைந்தேன். மூன்றாவது முறைதான் ஃபைலை வாங்கி வைத்துக்கொண்டார்கள். இரண்டு வருடமாக இதே கணக்கைத்தான் கொடுத்து வந்தோம், ஒருவரும் கேட்கவில்லை. காரணம் பிறகு புரிந்தது. அந்த இரண்டு வருடமும் மார்ச் கடைசியில் எண்ணெயும் புண்ணாக்கும் அநேகமாக விற்றுத் தீர்ந்திருந்தன. கிடங்கில் சரக்கு இல்லை என்றால் செலவை எண்ணெய்க்கும் புண்ணாக்குக்கும் எப்படிப் பிரித்தாலும் லாபம் ஒன்றுதான் வரும்.

இந்த வருடம் அப்படி இல்லை. பிப்ரவரி முடிவில் கிடங்கு துடைத்து வைத்ததுபோல இருந்தது. மார்ச்சில் 40 டன் எள் ஆட்டினோம். எண்ணெய் போய்க்கொண்டே இருந்தது, புண்ணாக்கு லாரி மட்டும் வரவில்லை. மாதக் கடைசியில் 3 டன் எண்ணெயும், ஆட்டிய புண்ணாக்கு மொத்தமும், அதாவது 22 டன், கிடங்கில் கிடந்தது.

ஒரு டன் எள்ளுக்குக் கணக்கு இது. எள், கருப்பட்டி, கூலி, கரண்ட் எல்லாம் சேர்த்து 1,42,500 ரூபாய். சலித்ததில் போன தூசியும் ஆவியான ஈரமும் போக, 400 கிலோ எண்ணெயும் 550 கிலோ புண்ணாக்கும் கிடைக்கும். எண்ணெய் பிழிகிற இயந்திரமான எக்ஸ்பெல்லரை விட்டு வெளியே வரும்வரை ஆகும் செலவில் எது எண்ணெய்க்கு, எது புண்ணாக்குக்கு என்று யாராலும் காட்ட முடியாது. இரண்டுக்கும் சேர்ந்த கூட்டுச் செலவு அது.

நான் செய்தது எளிய வேலை. 950 கிலோவால் வகுத்தேன். கிலோவுக்குச் சரியாக 150 ரூபாய், எண்ணெய்க்கும் அதே, புண்ணாக்குக்கும் அதே. 22 டன் புண்ணாக்கு 33 லட்சம், 3 டன் எண்ணெய் 4.5 லட்சம், ஆக இருப்பு 37.5 லட்சம். அதைக் கட்டி எடுத்துக்கொண்டு காலை பஸ்ஸில் போனேன்.

ஆடிட்டர் ஊரில் இல்லை. அங்கே தொழில் பழகுகிற ஆர்ட்டிகிள் பையன் ஃபைலைப் புரட்டிவிட்டு, புண்ணாக்கு வரிசையைச் சிவப்பு மையில் வட்டமிட்டு, பக்கத்தில் ‘காஸ்ட் பார்க்கவும்’ என்று எழுதித் திருப்பிக் கொடுத்தான். “என்ன தப்பு தம்பி?” என்றேன். “சார் வந்தாத்தான் தெரியும்.” அவ்வளவுதான். அந்த இரண்டு வார்த்தைக்கு ஒரு நாள் சம்பளம் போனது.

திரும்பும் வழியில் பஸ்ஸிலேயே உறைத்தது. சந்தையில் புண்ணாக்கு கிலோ 40 ரூபாய். அதை 150 ரூபாய்க்கு அடக்கம் போட்டிருக்கிறேன். முதலாளி அண்ணாச்சியிடம் தாளைக் காட்டியபோது, “அப்ப புண்ணாக்குல கிலோவுக்கு நூத்திப் பத்து ரூவா நட்டமா? அத ஆட்டாம விட்டுருவமா?” என்று சிரித்தார். புண்ணாக்கு இல்லாமல் எண்ணெய் எடுக்கும் எக்ஸ்பெல்லர் இன்னும் வரவில்லை.

எடைக் கணக்கின் கோளாறு இதுதான்: கிலோ என்றால் எல்லாக் கிலோவும் ஒன்று என்று அது நினைத்துக்கொள்கிறது. எண்ணெயைவிடப் புண்ணாக்கு எடை அதிகம், அதனால் செலவில் 58 சதவீதம் அதன் தலையில் விழுகிறது. ஆட்டும்போது தெளிக்கிற தண்ணீரில் கொஞ்சம் புண்ணாக்கிலேயே தங்கிவிடும். அந்தத் தண்ணீருக்கும் எள்ளின் விலையில் பங்கு போட்டுக் கொடுத்திருக்கிறேன் என்று நினைத்தால் இப்போதும் கூச்சமாக இருக்கிறது.

ஆனால் நான் பட்ட பெரிய அடி அடுத்த தடவைதான். இதைப் படிக்கிற யாரும் அதே குழியில் விழ வேண்டாம்.

இருப்பை அடக்க விலை, விற்றால் கைக்கு வரும் விலை, இரண்டில் எது குறைவோ அதில் காட்ட வேண்டும். கணக்கு எழுதுகிற எல்லோருக்கும் தெரிந்த விதி. சரி, புண்ணாக்கை 150-லிருந்து 40-க்கு இறக்கிவிட்டால் முடிந்தது என்று நினைத்தேன். வியாபாரி ஆலை வாசலில் வந்து ஏற்றிக்கொள்வதால் விற்பனைச் செலவும் கிடையாது. 22 டன் 8.8 லட்சம் ஆனது, எண்ணெய் அதே 4.5 லட்சம், மொத்தம் 13.3 லட்சம். ஒரே ஒரு வரியைத் திருத்திவிட்டு மறுபடியும் மதுரை.

இந்தத் தடவை ஆடிட்டர் இருந்தார். இருப்பைப் பார்க்கவில்லை, லாபத்தைப் பார்த்தார். மார்ச்சில் 13 டன் எண்ணெய் கிலோ 320 வீதம் விற்று 41.6 லட்சம் வந்திருக்கிறது. 40 டன் எள்ளுக்கு ஆன செலவு 57 லட்சம். இருப்பு 13.3 லட்சம் போக 43.7 லட்சம் விற்ற சரக்கின் அடக்கம். நட்டம் 2.1 லட்சம்.

“ஒரு டன் எள்ளு ஆட்டி எல்லாத்தையும் வித்தா எவ்வளவு வரும்?” என்று கேட்டார்.

400 கிலோ எண்ணெய்க்கு 1,28,000, புண்ணாக்குக்கு 22,000. மொத்தம் 1,50,000. செலவு 1,42,500. மிச்சம் 7,500.

“டன்னுக்கு 7,500 லாபம் வர்ற ஆலையில, விலை எதுவும் இறங்காத மாசத்துல எப்படிங்க நட்டம்? போன தடவை கொண்டு வந்ததுல லாபம் எவ்வளவு?”

பழைய தாளை எடுத்துப் பார்த்தேன். 22.1 லட்சம். 40 டன் எள்ளின் எண்ணெய், புண்ணாக்கு இரண்டும் முழுக்க விற்றாலே 3 லட்சம்தான் வரும். புண்ணாக்கில் ஒரு கிலோகூட விற்காமல் 22 லட்சம் காட்டியிருக்கிறேன். அந்தப் பையன் சிவப்பு வட்டம் போட்டதற்கு இதையாவது சொல்லியிருக்கலாம்.

ஆடிட்டர் விளக்கியது என் வார்த்தையில் இப்படி. எடைப்படி பிரித்தபோது எண்ணெய் சுமக்க வேண்டிய செலவைத் தூக்கிப் புண்ணாக்கின் மேல் வைத்தேன். பிறகு புண்ணாக்கை 40-க்கு இறக்கியபோது அந்தச் செலவு எண்ணெய்க்குத் திரும்பிப் போகவில்லை, நேராக நட்டத்தில் போய் விழுந்தது. எண்ணெய் இன்னும் 150-லேயே நிற்கிறது. 320-க்கு விற்கிற எண்ணெய் 150-க்கு அடங்குகிறது என்று சொன்னால் எந்த வியாபாரி நம்புவான்? புண்ணாக்கு வரிசையைத் திருத்தினால் போதாது, பிரித்த விதத்தையே மாற்ற வேண்டும்.

எதற்கு மாற்றுவது? பிரிகிற இடத்தில் இரண்டும் என்ன விலை போகுமோ, அந்த விகிதத்தில் பிரிக்க வேண்டும். நம் நாட்டுக் கணக்கியல் தரம் 2, இருப்பு மதிப்பீட்டைப் பற்றியது, கூட்டுப் பொருள்களுக்கு இந்த முறையைத்தான் உதாரணமாகச் சொல்கிறது. 1,50,000 விற்பனை மதிப்புக்கு 1,42,500 செலவு என்றால் ரூபாய்க்கு 95 காசு. எண்ணெய் கிலோ 304, புண்ணாக்கு கிலோ 38. இரண்டுமே விலையில் 5 சதவீதம் லாபம் காட்டும். ஏன் என்றால் இந்த முறை அப்படித்தான் கட்டப்பட்டிருக்கிறது. எடை முறை எல்லாக் கிலோவையும் சமம் என்கிறது, இது எல்லா ரூபாயையும் சமம் என்கிறது. விடைகள் இவ்வளவு விலகுவதற்குக் காரணம் எண்ணெய் கிலோவின் விலை புண்ணாக்கைப் போல எட்டு மடங்கு என்பதுதான். இரண்டும் ஏறக்குறைய ஒரே விலை போகிற பொருளாக இருந்திருந்தால் எந்த முறையில் போட்டாலும் பெரிய வித்தியாசம் வந்திருக்காது, நானும் மதுரை பஸ்ஸில் தூங்கியிருக்க மாட்டேன்.

இவ்வளவு தெரிந்த பிறகும் வீட்டில் உட்கார்ந்து போட்டபோது இன்னொரு தப்பு செய்தேன். எண்ணெய் விலைக்கு எங்கள் கடை பாட்டில் விலையை, 400 ரூபாயை, எடுத்துக்கொண்டேன். எண்ணெய் அடக்கம் 313, புண்ணாக்கு 31 என்று வந்தது. ராத்திரி அண்ணாச்சி பார்த்துவிட்டு, “பாட்டிலு லிட்டர்ல்லா? கிலோவாடே?” என்றார். ஒரு லிட்டர் நல்லெண்ணெய் சுமார் 920 கிராம்தான். அது மட்டுமல்ல, வடிகட்டுவது, பாட்டில், லேபிள், கடைக் கமிஷன் எல்லாம் எண்ணெயும் புண்ணாக்கும் பிரிந்த பிறகு எண்ணெய்க்கு மட்டும் ஆகிற செலவு. அதெல்லாம் ஏறிய விலையை வைத்து, அதற்கு முன்னால் ஆன செலவைப் பிரிக்கக் கூடாது. எக்ஸ்பெல்லரிலிருந்து வரும் எண்ணெயை அப்படியே மொத்த வியாபாரிக்குக் கொடுக்கும் விலைதான் வேண்டும். எங்களுக்கு அது 15 கிலோ டின் 4,800 ரூபாய், கிலோ 320. மார்ச் மாத டின் பில்களும் புண்ணாக்குப் பில்களும் நகல் எடுத்து ஃபைலில் வைத்தேன். மார்ச்சில் புண்ணாக்குப் பில் ஏது என்று கேட்காதீர்கள். பிப்ரவரி கடைசிப் பில்லும் ஏப்ரல் முதல் பில்லும் இரண்டும் 40 ரூபாய், அதுவே போதும் என்றார் ஆடிட்டர்.

இன்னொன்று: விகிதம் போடும்போது விற்ற அளவை எடுக்காதீர்கள், ஆட்டி எடுத்த அளவை எடுங்கள். புண்ணாக்கு விற்கவே இல்லை என்பதற்காக அதன் விற்பனையைப் பூஜ்யம் என்று வைத்தால் முழுச் செலவும் எண்ணெய்க்குப் போய்விடும்.

மூன்றாவது பயணம் ஒரு மணி நேரத்தில் முடிந்தது. புண்ணாக்கு 8.36 லட்சம், எண்ணெய் 9.12 லட்சம், இருப்பு 17.48 லட்சம். மார்ச் லாபம் 2.08 லட்சம். 13 டன் எண்ணெய், கிலோவுக்கு 16 ரூபாய் என்று பெருக்கினாலே வந்துவிடும். வட்டம் போட்ட அதே பையன்தான் சீல் வைத்துக் கொடுத்தான், முகத்தில் ஒரு சலனமும் இல்லை.

இந்த முறையிலும் எனக்கு ஒரு குறை உண்டு. போன மாதம் புண்ணாக்கு விலை 30-க்கு இறங்கியது. எள் விலை மாறவில்லை, எண்ணெய் விலையும் மாறவில்லை. ஆனால் புதுக் கணக்கில் எண்ணெய் அடக்கம் 304-லிருந்து 315 ரூபாய்க்கு மேல் ஏறிவிட்டது, புண்ணாக்கு சுமார் 29.60-க்கு வந்தது. அண்ணாச்சி தாளைத் தூக்கிப் பிடித்து, “எண்ணெய்க்கு என்னடே ஆச்சு?” என்றார்.

“எண்ணெய்க்கு ஒன்னும் ஆகல அண்ணாச்சி, புண்ணாக்குதான் இறங்கிருச்சு.”

கொஞ்ச நேரம் என்னையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, டின் விலையை ஏற்ற முடியுமா என்று வியாபாரிக்குப் போன் போடப் போனார். இந்த 315-ஐ வைத்து விலை பேசாதீர்கள், அதுவே விலையிலிருந்து பிறந்த எண் என்று சொல்வதற்குள் மறுமுனையில் எடுத்துவிட்டார்கள்.