அர்டுயினோ ஊனோவில் டிடிஎஸ் சிக்னல் ஜெனரேட்டர்: 7000 ஹெர்ட்ஸில் நடுங்கிய சதுர அலை

டிடிஎஸ் என்பது அலையை எண்களாகக் கணக்கிட்டு உருவாக்கும் முறை. அதற்குப் பாகங்கள் மிகக் குறைவு. ஒரு ஊனோ போர்டு, ஒரு சதவீதத் துல்லியமுள்ள 10 கிலோஓம் ரெசிஸ்டர் 25, ஒரு 2.2 நானோஃபாரட் கெப்பாசிட்டர். போர்ட் டி-யின் எட்டுப் பின்களில், எட்டு பிட் எண்ணை மின்னழுத்தமாக மாற்றும் ஆர்-2ஆர் ஏணி கட்ட வேண்டும். 20 கிலோஓம் தேடி அலையாமல் இரண்டு 10 கிலோஓமைத் தொடராக இணைத்தால் ஏணி முழுவதும் ஒரே கட்டு ரெசிஸ்டரில் முடியும். பின் 0, 1 இரண்டும் ஏணிக்குப் போவதால் சீரியல் கிடையாது. அதிர்வெண்ணை மாற்ற அனலாக் பின்னில் ஒரு பொட்டன்ஷியோமீட்டர் போதும்.

அலையை உருவாக்குவது இவ்வளவுதான்:

```
volatile uint32_t inc;
uint32_t acc;
uint8_t tab[256], nxt;

ISR(TIMER1_COMPA_vect) {
  PORTD = nxt;
  acc += inc;
  nxt = tab[acc >> 24];
}
```

`acc` என்பதுதான் ஃபேஸ் அக்யூமுலேட்டர். அலையின் ஒரு முழுச் சுற்றை 2^32 பங்காகப் பிரித்து, இப்போது எந்தப் பங்கில் நிற்கிறோம் என்று அது சொல்கிறது. ஒவ்வொரு முறையும் `inc` அளவு நகர்கிறது. 32 பிட் நிரம்பி வழிந்தால், வண்டி மீட்டர் 99999 தாண்டிப் பூஜ்யத்துக்கு வருவதுபோல் அடுத்த சுற்று தொடங்கும். வழியும்போது மிச்சம் தொலைவதில்லை, அடுத்த சுற்றில் சேர்ந்துவிடுகிறது. அதனால்தான் மாதிரி வேகத்தை முழு எண்ணால் வகுத்துக் கிடைக்காத அதிர்வெண்களும் கிடைக்கின்றன. மேல் எட்டு பிட் மட்டும் அட்டவணையின் இடத்தைச் சுட்டும். அட்டவணையில் ஒரு சைன் சுற்று, 256 பைட், 0 முதல் 255 வரை.

டைமர் 1-ஐ சிடிசி முறையில், பிரிஸ்கேலர் இல்லாமல், `OCR1A = 319` என்று வைத்தால் 16 மெகாஹெர்ட்ஸ் 320-ஆல் வகுபட்டு நொடிக்குச் சரியாக 50000 மாதிரி வரும். அப்போது `inc = f × 2^32 / 50000`. 1000 ஹெர்ட்ஸுக்கு 85899346. (மேல் பிட்களை மட்டும் எடுப்பதால் அட்டவணையைப் பெரிதாக்கத் தோன்றும். எட்டு பிட் ஏணியை வைத்துக்கொண்டு 4096 இடம் போட்டாலும் லாபம் சொற்பம்தான்.)

1000 ஹெர்ட்ஸில் ஸ்கோப்பில் முதலில் தெரிந்தது அலைமேல் ஊர்ந்துபோகும் ஒரு சிறு கீறல். அது நகரும் வேகமே காரணத்தைக் காட்டிக்கொடுத்தது. `millis()` கணக்குக்காக டைமர் 0 நொடிக்கு 976.56 தடவை இன்டரப்ட் தருகிறது. அந்த நேரத்தில் வரவேண்டிய மாதிரி சில மைக்ரோ நொடி தாமதமாகிறது. 1000-க்கும் 976.56-க்கும் உள்ள வித்தியாசம், நொடிக்கு 23 தடவை, கீறல் அலைமேல் ஊர்கிறது. `TIMSK0 = 0` போட்டதும் போய்விட்டது. `delay()`-யும் அதோடு போய்விடும், ஞாபகம் இருக்கட்டும்.

பொட்டன்ஷியோமீட்டரைத் திருப்பும்போது அலை எப்போதாவது துள்ளினால் காரணம் வேறு. எட்டு பிட் சிப் 32 பிட் எண்ணை நான்கு தவணையாக எழுதுகிறது. நடுவில் இன்டரப்ட் புகுந்தால் பாதி பழையதும் பாதி புதியதுமான `inc` கூடிவிடும். `noInterrupts()`, `interrupts()` இரண்டுக்கும் நடுவே எழுதினால் சரி.

இனி சதுர அலை. அட்டவணையில் பாதியை 0, பாதியை 255 என்று நிரப்பினால் 1000 ஹெர்ட்ஸில் அழகாக வரும். ஒரு சுற்றுக்குச் சரியாக 50 மாதிரி என்பதால் வந்த அழகு அது. 7000 ஹெர்ட்ஸில் ஒரு சுற்றுக்கு 7.14 மாதிரி வேண்டும்; பாதி மாதிரியில் விளிம்பு விழ வழியில்லை. ஆகவே ஆறு சுற்று 7 மாதிரி, ஒரு சுற்று 8 மாதிரி: அதாவது 140 மைக்ரோ நொடி ஆறு தடவை, 160 ஒரு தடவை. சராசரி சரியாக 7000 என்பதால் ஃப்ரீக்வென்சி கவுண்டர் குறையே சொல்லாது. ஸ்கோப்பில் மட்டும் விளிம்பு 20 மைக்ரோ நொடி இடைவெளியில் இரட்டையாகத் தெரியும். `inc`-ஐ எவ்வளவு நுணுக்கினாலும் இது தீராது.

தீர்வு, சதுரத்தை அட்டவணையிலிருந்து எடுக்காமல் சைனிலிருந்து எடுப்பது. ஏணியின் வெளியீட்டு மின்தடை 10 கிலோஓம். அதன் முனையிலிருந்து கிரவுண்டுக்கு 2.2 நானோஃபாரட் வைத்தாலே 7.2 கிலோஹெர்ட்ஸ் ஃபில்டர் ஆகிவிடும். 7000 ஹெர்ட்ஸ் சைனோடு 43000-இலும் ஒரு நிழல் அலை வருகிறது, உயரம் அசலில் ஆறில் ஒரு பங்கு. ஃபில்டர் அதை ஏறக்குறைய இருபத்தாறில் ஒன்றாக்கும். அந்த சைனை எல்எம்393 கம்பேரட்டரின் கழித்தல் முனைக்குக் கொடுத்து, கூட்டல் முனையில் இரண்டு 10 கிலோஓமால் 2.5 வோல்ட் வைத்து, வெளியீட்டிலிருந்து அதே முனைக்கு 1 மெகாஓம் போட வேண்டும். இது இல்லாவிட்டால் எட்டு பிட் படிக்கட்டே விளிம்பில் பலமுறை தட்டும். வெளியீடு ஓபன் கலெக்டர். 5 வோல்ட்டுக்கு 4.7 கிலோஓம் கட்டாயம். கணக்குப்படி விளிம்பின் ஆட்டம் 20-லிருந்து ஓரிரு மைக்ரோ நொடிக்கு இறங்கும்.

எண்ணும் முழுதாகச் சரியாக வேண்டுமென்றால் இன்னொன்று பார்க்க வேண்டும். ஊனோ ஆர்3-இல் மெயின் சிப்புக்கு இருப்பது கிரிஸ்டல் அல்ல, செராமிக் ரெசனேட்டர். அரை சதவீதம் வரை விலகலாம், 7000-இல் அது 35 ஹெர்ட்ஸ். வெளியீட்டை நல்ல கவுண்டரில் அளந்து, அதே விகிதத்தில் சூத்திரத்தின் 50000-ஐத் திருத்தினால் போதும்.