என்னைத் தேர்ச்சி பெற வைத்த வாராந்திரத் தாள்: அளவுகளோடு

ரிசல்ட் வந்துவிட்டது, பாஸ். இப்போதுதான் நிம்மதியாக மூச்சு விடுகிறேன். எந்தப் புத்தகம், எத்தனை மாதிரித் தேர்வு என்றெல்லாம் நிறையப் பேர் எழுதிவிட்டார்கள். நான் சொல்ல வந்தது, நானே வரைந்து அச்சிட்ட வாராந்திரத் திட்டத்தாளைப் பற்றி. என்னைப் பொறுத்தவரை பாதி வெற்றி அதனால்தான்.

ஏ4 தாளின் அகலம் 210 மி.மீ. சாதாரண இரட்டைத் துளை பஞ்சில் துளையின் மையம் ஓரத்திலிருந்து 12 மி.மீ. தள்ளி விழும்; துளையின் விட்டம் 6. அதாவது 15 மி.மீ. வரை துளைக்கே போய்விடும். ஃபைலில் கோத்த பிறகு அந்த ஓரத்தை ஒட்டி எழுதக் கை வராது. அதனால் இடப்பக்கம் 25, மற்ற மூன்று பக்கமும் 10 விட்டேன்.

மீதி 175 மி.மீ. நடுவில் 5 இடைவெளி விட்டால், 85 அகலத்தில் இரண்டு வரிசை. தலைப்புக்கு 17 போக, உயரத்தில் 65 வீதம் நான்கு பெட்டிகள். மொத்தம் எட்டுப் பெட்டி: ஏழு நாளுக்கு ஏழு, எட்டாவது, தினசரிப் பழக்கங்களுக்கு நாள்தோறும் டிக் போடும் பழக்கக் கட்டம். ஒவ்வொரு நாளுக்கும் கிழமை எழுத 9, அதன் கீழே 8 மி.மீ. இடைவெளியில் ஏழு கோடு. கடைசிக் கோட்டைக் காலையில் நிரப்பாதீர்கள், அது அன்று முடியாமல் நின்றதற்கு.

பழக்கக் கட்டத்தில் பெயருக்கு 36, ஏழு நாளுக்கு 7 வீதம் 49. பழக்கம் நான்குக்கு மேல் வேண்டாம். "ரிவிஷன்" என்று மட்டும் எழுதினால் அரைமணி புரட்டினாலும் டிக் போடத் தோன்றும். "நேற்றுத் தப்பான கணக்கை மறுபடி போட்டேன்" என்று எழுதினால் ஆமா, இல்லை இரண்டே பதில்தான்.

இனிதான் முக்கியமான விஷயம். எல்லாத் தாளும் ஒரே அளவு என்பதால், ஃபைலைப் புரட்டும்போது கட்டங்கள் ஒரே இடத்தில் வந்து நிற்கும். அந்தக் கணக்கு வரிசையில் புதனும் வியாழனும் வாரா வாரம் காலியாகவே இருந்தன. தனித்தனித் தாளில் இது கண்ணில் படவே இல்லை. அந்த இரண்டு நாளும் மாலை வகுப்பு; வீடு திரும்பும்போது தலை ஓடாது. கணக்கைக் காலைக்கு மாற்றினேன், டிக் விழ ஆரம்பித்தது. என் மதிப்பெண் ஏறியது அங்கேதான்.

அச்சிடும்போது:

- `Fit` வேண்டாம், `Actual size` தேர்ந்தெடுங்கள். `Fit` தாளைச் சற்றுச் சுருக்கிவிடும், கட்டங்கள் நேராக வராது. வந்த தாளில் பழக்க வரிசையின் ஏழு கட்டத்தையும் சேர்த்து ஸ்கேலால் அளந்தால் 49 மி.மீ. இருக்க வேண்டும்.
- ஒரு பக்கம் மட்டும் அச்சிடுங்கள். அதே வடிவத்தைப் பின்பக்கமும் அச்சிட்டால், துளை அங்கே வலப்பக்கப் பெட்டிகளைத் தின்றுவிடும். பின்பக்கம் அந்த வாரத் தப்புகளை எழுத இருக்கட்டும், வலது ஓரத்தில் 25 விட்டு.
- தாளை நடுவில் லேசாக மடித்து, பஞ்சின் நடுக்குறியில் வைத்துத் துளையிடுங்கள். துளை கிழிய ஆரம்பித்தால் வட்ட ஸ்டிக்கர் ஒட்டினால் போதும்.