நான் மூன்று முறை எழுதிய ஒப்படைப்புக் குறிப்பு

ஒரு நிறுவனத்தின் கணக்குப் பிரிவில், சப்ளையர்களுக்குப் பணம் கொடுக்கும் வேலையை ஆறு ஆண்டுகள் பார்த்தேன். ராஜினாமா கடிதம் கொடுத்த நாளிலிருந்து 30 நாள் அவகாசம் இருந்தது. என் இடத்துக்கு வருபவர் 15ஆம் நாள்தான் சேருவார் என்றார்கள். அதற்குள் ஒப்படைப்புக் குறிப்பை முடித்துவிடலாம் என்று உட்கார்ந்து, இரண்டே மாலைகளில் 12 பக்கம் எழுதினேன்.

பில் வந்ததும் பதிய வேண்டும், கொள்முதல் ஆணையோடும் சரக்கு வரவுச் சீட்டோடும் ஒப்பிட வேண்டும், செவ்வாய் மாலைக்குள் ஒப்புதல் வாங்கி வியாழன் பணப் பட்டியல் போட வேண்டும் என்று வரிசையாக எழுதியிருந்தேன். அதில் தவறு ஒன்றும் இல்லை. ஆனால் இந்த வேலைக்கு வரும் யாருக்கும் முன்பே தெரிந்த விஷயங்கள்தான் அந்த 12 பக்கத்திலும் இருந்தன. அது எனக்கு அப்போது உறைக்கவில்லை.

புதியவர் வந்த முதல் வாரம், குறிப்பை அவர் கையில் கொடுத்து, “இந்த வாரப் பட்டியலை நீங்களே போடுங்கள். நான் பக்கத்தில் இருப்பேன், ஆனால் எதுவும் சொல்ல மாட்டேன். நீங்கள் கேட்பதை எழுதிக்கொள்கிறேன்” என்றேன். மதியத்துக்குள் என் தாளில் 19 கேள்விகள் சேர்ந்துவிட்டன. பில்லை எப்படிப் பதிவது என்று அவர் ஒரு முறைகூடக் கேட்கவில்லை. “இது ஏன் இப்படி நிற்கிறது?” என்றுதான் திரும்பத் திரும்பக் கேட்டார்.

அதில் ஒன்றைச் சொல்கிறேன். ஒரு சப்ளையரின் பில் 52 நாளாக நிலுவையில் இருந்தது. அவருடைய தவணையோ 30 நாள். “மேடம், தவணை தாண்டி மூன்று வாரம் ஆகிவிட்டது. இந்த வாரமே கொடுத்துவிடலாமா?” என்று கேட்டார். திரையில் தெரிந்ததை வைத்துப் பார்த்தால் அவர் கேட்டது நியாயம்தான். நடந்தது என்னவென்றால், நாங்கள் 200 பெட்டி கேட்டிருந்தோம், வந்து சேர்ந்தது 180, பில்லோ 200 பெட்டிக்குப் போடப்பட்டிருந்தது. மீதி 20 பெட்டியின் தொகையைப் பில்லில் கழித்துக்கொள்ளக் கிரெடிட் நோட் தருவதாகச் சப்ளையர் தொலைபேசியில் ஒத்துக்கொண்டார். அது வரும்வரை பில்லை நான் நிறுத்தி வைத்திருந்தேன். கணினியில் ‘நிறுத்தம்’ என்று மட்டுமே இருந்தது. காரணம் என் தலைக்குள் இருந்தது.

இன்னொரு சிக்கலும் அதில் ஒளிந்திருந்தது. கிரெடிட் நோட்டுக்குப் பதிலாக, சப்ளையரின் அலுவலகத்தில் வேறொருவர் 180 பெட்டிக்குப் புதிய பில் ஒன்றை அனுப்பிவிட்டார். பழைய எண்ணின் பின்னால் ஓர் எழுத்தை மட்டும் சேர்த்திருந்தார். எங்கள் மென்பொருள் ஒரே சப்ளையரிடமிருந்து ஒரே எண்ணில் இரண்டு பில் வந்தால்தான் எச்சரிக்கும். எண்ணில் ஓர் எழுத்து கூடினாலும் அதற்கு அது வேறு பில். விஷயம் தெரியாதவர் பழையதை விடுவித்துப் புதியதையும் பதிந்தால், 180 பெட்டிக்குப் பதில் 380 பெட்டிக்குப் பணம் போய்விடும். போன பணத்தைத் திரும்ப வாங்குவது எவ்வளவு பாடு என்பது அதைச் செய்தவர்களுக்குத் தெரியும்.

அன்று மாலை அந்த 12 பக்கத்தை ஓரமாக வைத்துவிட்டு, இரண்டாவது குறிப்பை நிலுவைகளிலிருந்து தொடங்கினேன். நின்றுகொண்டிருந்த ஒவ்வொரு பில்லுக்கும் நான்கு விஷயம் எழுதினேன்: என்ன நடந்தது, யார் என்ன ஒத்துக்கொண்டார்கள், எது வந்தால் விடுவிக்கலாம், எதைச் செய்யக் கூடாது. அந்தப் பெட்டி விவகாரத்துக்கு இப்படி எழுதினேன்: “20 பெட்டிக்குக் கிரெடிட் நோட் வந்தால், பழைய பில்லோடு சேர்த்து 180க்குப் பணம் கொடுக்கவும். எழுத்து சேர்த்த புதிய பில்லைப் பதிய வேண்டாம். அதை ரத்து செய்ததாகச் சப்ளையரிடம் எழுத்தில் வாங்கவும்.” தொலைபேசியில் பேசியதை உறுதிப்படுத்தச் சொல்லி, அன்றே சப்ளையருக்கு ஒரு மின்னஞ்சலும் அனுப்பி, அதில் புதியவரையும் சேர்த்தேன். வாய்ப்பேச்சில் கிடைத்த வாக்குறுதி நான் போன மறுநாள் இல்லாததாகிவிடும் என்பது அப்போதுதான் எனக்குப் பயமாகப் பட்டது.

முதல் பக்கத்தின் தலைப்பில் இன்னொரு எச்சரிக்கையும் வைத்தேன். வங்கிக் கணக்கு மாறிவிட்டது, இனி புதிய கணக்கில் பணம் போடுங்கள் என்று சப்ளையர் பெயரில் மின்னஞ்சல் வந்தால், அதில் இருக்கும் எண்ணை அழைக்கவே கூடாது. நம்மிடம் முன்பிருந்தே பதிவாகியிருக்கும் எண்ணை அழைத்து, தெரிந்தவரிடம் கேட்ட பிறகுதான் மாற்ற வேண்டும். ஆட்களின் குரலும் எழுத்து நடையும் பழகாத புதியவர்தான் இந்த மோசடியில் எளிதாகச் சிக்குவார்.

மூன்றாவது முறை எழுத வைத்தது என் சொந்த அஞ்சல் பெட்டி. மறந்தது எது என்று நினைவில் தேடினால் கிடைக்காது, மறந்ததுதானே. அதனால் கடந்த 12 மாதங்களில் நான் அனுப்பிய மின்னஞ்சல்களை மாதம் மாதமாகப் பார்த்தேன். ஒரு முழு நாள் பிடித்தது. ஆண்டுக்கு ஒரு முறை மட்டும் செய்யும் வேலைகள் அங்கேதான் கிடைத்தன. தணிக்கையாளர்களுக்காக, நாங்கள் தர வேண்டிய பாக்கி எவ்வளவு என்று சப்ளையர்களிடம் உறுதிக் கடிதம் கேட்பது அதில் ஒன்று. மூன்று சப்ளையர்களின் மாதக் கணக்கு அறிக்கை என் பெயருக்கு மட்டுமே வந்துகொண்டிருந்ததும் அப்போதுதான் தெரிந்தது. என் முகவரி மூடப்பட்டதும் அவை சத்தமில்லாமல் நின்றிருக்கும். மூவருக்கும் எழுதி, பிரிவின் பொது முகவரிக்கு மாற்றச் சொன்னேன்.

கடவுச்சொல் எதையும் குறிப்பில் எழுதவில்லை. என் பெயரில் அவர் ஒரு பதிவு போட்டாலும் அதற்கு யார் பொறுப்பு என்பது குழம்பிவிடும். எந்தெந்த மென்பொருளில் எந்த அனுமதி வேண்டும், அதை யார் தருவார் என்பதை மட்டும் பட்டியலிட்டு, அவர் சேர்ந்த அன்றே விண்ணப்பிக்க வைத்தேன். வங்கி அனுமதி வர எட்டு நாள் ஆனது. கடைசி வாரம் வரை விட்டிருந்தால், நான் போன பிறகு ஒரு வியாழக்கிழமை பணப் பட்டியல் போயிருக்காது.

இறுதி வடிவம் ஏழு பக்கம். நான்கு பக்கம் நிலுவைகள், ஒரு பக்கம் நாட்காட்டி, மீதி இரண்டும் யாரிடம் எதைக் கேட்பது என்பது. கடைசி வியாழன் பட்டியலை அவர் முழுவதும் தனியாகவே போட்டார். என்னிடம் இரண்டு கேள்விதான் கேட்டார். இரண்டையும் அவரே குறிப்பில் எழுதிக்கொண்டார். கோப்பு அதற்குள் அவர் பெயரில், பிரிவின் பொது இடத்தில் இருந்தது.

நான் விலகி மூன்றாவது வாரம் அவரிடமிருந்து ஒரு செய்தி வந்தது. கிரெடிட் நோட் வந்துவிட்டதாம். 20 பெட்டியைக் கழித்து 180க்குப் பணம் போட்டுவிட்டாராம். எழுத்து சேர்த்த அந்தப் பில்லை மறுபடியும் அனுப்பியிருந்தார்களாம், பதியாமல் திருப்பிவிட்டாராம்.