காய்ச்சல் விட்ட அன்று வரும் சிவப்புப் புள்ளிகள்

காரைக்குடிப் பக்கம் ஒரு வீடு. 11 மாதக் குழந்தை, எடை 9 கிலோ. திங்கள் இரவு 103 டிகிரி காய்ச்சல். சளி இருமல் பெரிதாக இல்லை. மருந்து கொடுத்துச் சூடு தணிந்தால் தவழ்ந்து விளையாடுகிறது, ஏறினால் துவண்டுவிடுகிறது. வியாழன் வரை இதே கதை.

பாராசிட்டமால் கணக்கு கிலோவுக்கு 15 மில்லிகிராம். இந்தக் குழந்தைக்குச் சுமார் 135. பாட்டிலில் ‘5 மில்லியில் 125’ என்றிருந்தால் 5 மில்லி, ‘250’ என்றிருந்தால் 2.5 மில்லி. சொட்டு மருந்து 1 மில்லியிலேயே 100 இருக்கும். அதைச் சிரப் என்று நினைத்து 5 மில்லி ஊற்றினால் 500 உள்ளே போய்விடும். ஆறு மணி நேர இடைவெளி வேண்டும், நாளுக்கு நான்கு வேளைக்கு மேல் கூடாது.

வெள்ளி காலை காய்ச்சல் சட்டென்று விட்டது. மதியம் நெஞ்சிலும் முதுகிலும் இளஞ்சிவப்புப் புள்ளிகள். அறை விளக்கில் இவை சரியாகத் தெரியாது. வளவுக்குத் தூக்கி வந்து பகல் வெளிச்சத்தில் பார்க்க வேண்டும். கண்ணாடி டம்ளரை வைத்து அழுத்தினால் நிறம் மறைந்தது. அரிப்பு இல்லை.

“ஆத்தா வந்திருக்கா, மருந்தை நிறுத்துங்க” என்றார் அப்பத்தா. இது ரோசியோலா. பெரும்பாலும் ஆறாம் வகை ஹெர்ப்பிஸ் வைரஸால், ஆறு மாதம் முதல் இரண்டு வயதுக்குள் வருவது. காய்ச்சல் போன பிறகு புள்ளி வருவதுதான் அடையாளம். ஓரிரு நாளில் தானே மறையும். தட்டம்மையில் அப்படியில்லை. கண் சிவந்து, மூக்கு ஒழுகி, இருமலோடு காய்ச்சல் உச்சத்தில் இருக்கும்போதே காதோரத்தில் தொடங்கிக் கீழே இறங்கும். அதற்கு மருத்துவர் வைட்டமின் ஏ கொடுப்பார். வேப்பிலையோடு வீட்டில் வைத்திருக்கக் கூடாது.

நடுவில் புதனன்று ஆன்டிபயாடிக் கொடுத்திருந்தால் குழப்பம் வரும். ‘மருந்து ஒத்துக்கலை’ என்று நாமே முடிவுகட்டினால், அந்த மருந்து வாழ்நாள் முழுக்க ஒதுக்கப்படும். புள்ளி இருக்கும்போதே மருத்துவரிடம் காட்டிக் கேட்பது நல்லது.

உண்மையில் ஏமாற்றுவது டெங்கு. அதிலும் மூன்று முதல் ஏழு நாளில் காய்ச்சல் இறங்கும், தோல் சிவக்கும், ஆனால் ஆபத்து அப்போதுதான் தொடங்குகிறது: இரத்தக் குழாயிலிருந்து நீர் கசிகிறது. ரோசியோலாக் குழந்தை காய்ச்சல் விட்டதும் தெளிந்து சாப்பாடு கேட்கும். டெங்குக் குழந்தை காய்ச்சல் விட்டும் சோர்ந்து கிடக்கும்; திரும்பத் திரும்ப வாந்தி, வயிற்றுவலி, சில்லிட்ட கைகால், ஈறில் ரத்தம். டெங்கு இல்லையென்று உறுதியாகும்வரை இபுப்ரோஃபென் வேண்டாம்.

இந்த அறிகுறிகளில் ஒன்று இருந்தாலும், அழுத்தியும் மறையாத ஊதாப் புள்ளி வந்தாலும், ஆறு மணி நேரமாகச் சிறுநீர் போகாவிட்டாலும் அன்றைக்கே ஆஸ்பத்திரி. காய்ச்சல் ஐந்து நாளைத் தாண்டினாலும் காட்டிவிட வேண்டும். வலிப்பு வந்தால் ஒருக்களித்துப் படுக்க வையுங்கள். கையில் சாவிக்கொத்து, வாயில் ஸ்பூன் எதுவும் வேண்டாம். ஐந்து நிமிடத்தில் நிற்காவிட்டால் 108. நின்றுவிட்டாலும், முதல் வலிப்பு என்றால் உடனே காட்டுங்கள்.